பெட்டி திறந்த முதல் மணி நேரம்: குறை பொறிப்பகத்திலா, கொட்டகையிலா?

வேலூர், குடியாத்தம், ஆற்காடு, ஆரணி வட்டாரங்களில் கறிக்கோழி வளர்ப்பவர்களுக்கும் குஞ்சு அனுப்பும் கம்பெனிக்கும் நடக்கிற சண்டை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நாலாம் நாள், ஐந்தாம் நாள் குஞ்சுகள் சாகத் தொடங்கும். பண்ணைக்காரர் "குஞ்சே சரியில்லை" என்பார். கம்பெனி சூப்பர்வைசர் "புரூடிங் சரியில்லை, கொட்டகையில் சூடு சரியாகக் கொடுக்கவில்லை" என்பார். அந்த நேரத்தில் இரண்டில் எது உண்மை என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடிய சாட்சியெல்லாம் வண்டி வந்து நின்ற முதல் ஒரு மணி நேரத்தில் இருந்தது. அப்போது யாரும் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் எழுதி வைக்கவில்லை.

பெட்டியில் இருக்கும்வரை ஒரு குஞ்சிடம் தெரியும் குறை பொறிப்பகத்தினுடையது அல்லது பயணத்தினுடையது. உமியில் இறக்கிவிட்ட பிறகு நம் சூடு, நம் தண்ணீர், நம் தீவனம் அதன்மேல் வேலை செய்ய ஆரம்பித்துவிடும். ஒரு நாள் போனால் இரண்டு கணக்கும் கலந்துவிடும். அதனால் இறக்குவதற்கு முன் சில அளவுகளும் இறக்கிய பின் சில அளவுகளும் எடுத்து, இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். சூப்பர்வைசரிடம் வாதாடுவதற்கு மட்டும் இது உதவுவதில்லை. எந்தக் குஞ்சுக்கு என்ன தேவை என்பதையும் இந்த அளவுகள்தான் சொல்லும்.

நம் பக்கம் வரும் குஞ்சுகளில் பெரும்பகுதி ஓசூர், நாமக்கல், பல்லடம் பக்கத்துப் பொறிப்பகங்களிலிருந்து வருபவை. எந்த ஊராக இருந்தாலும் சில மணி நேரப் பயணம். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். "ஒரு நாள் குஞ்சு" என்கிறோமே தவிர, ஒரே இயந்திரத்தில் எல்லா முட்டையும் ஒரே நேரத்தில் பொரிவதில்லை. முதல் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் இடையே ஒரு நாள் அளவுக்கு இடைவெளி இருக்கும். முதலில் பொரிந்தது சூடான இயந்திரத்துக்குள் மற்றவற்றுக்காகக் காத்திருந்து, பிறகு எண்ணி, பிரித்து, கழுத்தில் மேரக்ஸ் நோய்க்கான தடுப்பூசி போட்டுக்கொண்டு, பெட்டியில் ஏறி நம்மிடம் வருகிறது. அது வந்து சேரும்போது ஒன்றரை நாள் வயதாகி, ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருக்கலாம். பக்கத்தில் நிற்கும் குஞ்சு பாதி நாள் முன்புதான் உலர்ந்திருக்கும்.

இவ்வளவு நேரம் அது தாங்குவதற்குக் காரணம் வயிற்றுக்குள் இருக்கும் மிச்ச மஞ்சள் கரு. முட்டையிலிருந்து வெளியே வரும் முன் குஞ்சு மஞ்சள் கருப் பையைத் தொப்புள் வழியாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. குஞ்சின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அதுதான். இந்த இருப்பு மூன்று, நான்கு நாளில் தீர்ந்துவிடும். தொப்புளையும் நாலாம் நாளையும் பற்றிக் கீழே சொல்லப்போவதற்கெல்லாம் இதுதான் அடிப்படை.

இறக்குவதற்கு முன்

விஷயத்தை ஒரு கணக்காக எடுத்துக்கொள்வோம். குடியாத்தம் பக்கத்துக் கொட்டகை ஒன்று. மே மாத முதல் வாரம். காலை நாலரை மணிக்கு 3000 குஞ்சு வருகிறது. பெட்டிக்கு 100, மேலே 2 இலவசம். ஆக 30 பெட்டி, 3060 குஞ்சு.

மே மாதத்தில் விடிவதற்குள் வண்டி வரும்படி கேட்டு வாங்குவது நல்லது. வேலூரில் பகல் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்களில், காற்று ஓடும் வண்டிக்குள் குஞ்சு எப்படியோ தாக்குப்பிடிக்கும். வண்டி டீக்கடையிலோ ரயில்வே கேட்டிலோ நின்றதும் நடு அடுக்குப் பெட்டிகளில் சூடு ஏறிவிடும். ஓரத்துப் பெட்டியும் நடுப் பெட்டியும் ஒரே வண்டியில் வந்தாலும் ஒரே பயணம் செய்தவை அல்ல. அதனால் மாதிரிக்குப் பெட்டி எடுக்கும்போது கைக்கு எட்டியதை எடுக்கக் கூடாது. பின்கதவோரம் ஒன்று, நடு அடுக்கில் ஒன்று, முன்பக்கம் டிரைவர் கேபினை ஒட்டி ஒன்று என்று மூன்று எடுக்க வேண்டும்.

முதலில் எடை. காலிப் பெட்டியின் எடையைக் கழித்து, எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி கிடைத்துவிடும். நம் கணக்கில் காலிப் பெட்டி 700 கிராம். பின்பக்கப் பெட்டி மொத்தம் 4.98 கிலோ. கழித்தால் 4.28 கிலோ, 102 குஞ்சுக்கு வகுத்தால் ஒரு குஞ்சு ஏறக்குறைய 42 கிராம். நடுப் பெட்டியும் அதே அளவு. முன்பக்கப் பெட்டி மட்டும் 4.30 கிலோ. அதாவது ஒரு குஞ்சு 35 கிராம் சொச்சம்.

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டுவிடுகிறார்கள். எடை குறைவு என்றதும் "கழிவுக் குஞ்சை அனுப்பிவிட்டான்" என்று போன் போகும். எடை குறைய இரண்டு காரணம் உண்டு, இரண்டும் வேறு வேறு. ஒன்று, இளம் தாய்க்கோழிகளின் முட்டை. முட்டையிட ஆரம்பித்த புதிதில் முட்டை சிறியது. குஞ்சின் எடை முட்டை எடையில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால் குஞ்சும் சிறியது. அது நோயுள்ள குஞ்சு இல்லை. இன்னொன்று, உடலில் நீர் வற்றிப்போன குஞ்சு. கிளம்பும்போது சரியான எடையோடு இருந்து, இயந்திரத்திலோ வழியிலோ இரைத்து இரைத்துத் தண்ணீரை இழந்தது.

வித்தியாசத்தைக் காட்டுவது கால். குஞ்சைக் கையில் எடுத்து விளக்குக்கு நேராகக் காலைப் பாருங்கள். சிறிய முட்டைக் குஞ்சின் கால் மெல்லியதாக இருந்தாலும் தோல் வழுவழுப்பாக, பளபளப்பாக, சதைப்பிடிப்போடு இருக்கும். நீர் வற்றியதின் காலில் தோல் சுருங்கி உலர்ந்து, முன்பக்கம் நரம்பு தடித்துத் தெரியும். நம் கணக்கில் முன்பக்கப் பெட்டிக் குஞ்சுகளின் கால் வழுவழுப்பாகவே இருக்கிறது. ஆக இவை இளம் தாய்க்கோழிக் குஞ்சுகள். அப்படியானால் மீதிப் பெட்டிகளிலும் இது கலந்திருக்கும். முப்பதையும் தராசில் வைத்தால் ஆறு பெட்டி இப்படி இலேசாக இருப்பது தெரிகிறது. 612 குஞ்சு. இதைக் கண்டுபிடித்த பலன் உடனே கிடைக்கும்: இந்த ஆறு பெட்டியையும் தனி வளையத்தில், அதாவது குஞ்சுகளைச் சுற்றிப் போடும் தனித் தடுப்புக்குள், இறக்கலாம். பெரிய குஞ்சோடு கலந்துவிட்டால் சிறியவை டிரிங்கருக்கும் தீவனத்துக்கும் முண்டியடித்துத் தோற்கும். சிறிய உடம்பு சூட்டையும் சீக்கிரம் இழக்கும். அவற்றின் வளையத்தில் ஓரிரு டிகிரி கூடுதல் சூடு வேண்டும்.

அடுத்தது உடல் சூடு. குழந்தைகளுக்குக் காதில் வைத்துக் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் போதும். குஞ்சின் ஆசனவாய் மேல் அதன் முனையை மெதுவாகப் பொருத்திப் பார்க்க வேண்டும், உள்ளே செருகக் கூடாது. அந்த இடம் ஈரமாகவோ எச்சம் ஒட்டியோ இருந்தால் அளவு குறைத்துக் காட்டும். உலர்ந்த குஞ்சாகப் பாருங்கள். 104 முதல் 105 டிகிரி பாரன்ஹீட் சரியான அளவு. 103-க்குக் கீழே போனால் குளிர்ந்த குஞ்சு. 106-ஐ நெருங்கினால் வாயைத் திறந்து இரைக்க ஆரம்பித்திருக்கும். இரைப்புதான் அது உடம்பைக் குளிர்விக்கும் முக்கிய வழி, அதற்கு விலை உடலின் தண்ணீர். சரியான சூட்டில் இருக்கும் குஞ்சு ஒரு நாளில் ஒன்றிரண்டு கிராம் ஈரம்தான் இழக்கும். இரைக்கும் குஞ்சு அதைப்போல் பல மடங்கு இழக்கும். நாற்பது கிராம் உடம்பில் அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். நம் கணக்கில் நடுப் பெட்டிக் குஞ்சுகள் 105.8 காட்டுகின்றன. அந்த அடுக்குப் பெட்டிகளை முதலில் இறக்கி, மூடியைத் திறந்து, முதல் தண்ணீரை அவற்றுக்குக் கொடுக்க வேண்டும்.

பிறகு தொப்புள். இதற்கு அவசரம் கூடாது. மூன்று பெட்டியிலும் ஓர் அறையிலுள்ள 25 குஞ்சுகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். நல்ல தொப்புள் மூடி, உலர்ந்து, மயிருக்குள் தேடினால்தான் தெரியும். நூல் போல உலர்ந்த ஒரு இழை தொங்குவதும், கடுகு அளவு சிறிய கருப்புப் பொட்டு இருப்பதும் பெரிய குற்றமில்லை. பொட்டு அதைவிடப் பெரியதாக இருந்தாலோ, ஈரமாக இருந்தாலோ, திறந்திருந்தாலோ அதுதான் கவலைப்பட வேண்டியது. அந்தத் துளை நேராக மஞ்சள் கருப் பைக்கு வழி. உள்ளே இருப்பது சூடான, சத்துள்ள கரு. ஈகோலை போன்ற கிருமிக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. தொப்புளை முகர்ந்தும் பாருங்கள். கெட்ட வாடை வந்தால் நோய் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. வயிறு மெத்தென்று இருக்க வேண்டும். உப்பி, விறைத்து இருந்தால் கரு சரியாக உறிஞ்சப்படவில்லை.

75 குஞ்சில் இரண்டு மூன்று சுமாரான தொப்புள் இருப்பது எந்தப் பொறிப்பகத்திலும் உண்டு. ஏழெட்டைத் தாண்டினால் அதை டெலிவரி சலானில் எழுதி, டிரைவரிடம் கையெழுத்து வாங்கி, செல்போனில் படமும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. நம் கணக்கில் 75-க்கு நான்கு திறந்த தொப்புள். மோசம் இல்லை, ஆனால் எழுதி வைக்கத்தக்கது. பெட்டியில் செத்து வந்தவை நான்கு, அதுவும் சலானில் ஏறுகிறது.

தொப்புள் பார்க்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடலாம். குஞ்சை மல்லாக்கப் படுக்க வைத்தால் இரண்டு மூன்று விநாடிக்குள் தானாகப் புரண்டு எழ வேண்டும். எழ முடியாமல் காலை உதைத்துக்கொண்டு கிடப்பது பலவீனமான குஞ்சு. கால் மூட்டு சிவந்திருந்தால் முட்டையை உடைத்து வெளியே வரவே அது சிரமப்பட்டிருக்கிறது, பெரும்பாலும் இயந்திரத்தின் சூடோ ஈரப்பதமோ மிகுந்ததால்.

இத்தனையும் இருவர் சேர்ந்தால் இருபது நிமிட வேலை. ஒருவர் பார்க்க வேண்டும், ஒருவர் எழுத வேண்டும். மற்ற ஆட்கள் அதற்குள் பெட்டிகளைக் கொட்டகைக்குள் இடைவெளி விட்டு வைத்துக்கொண்டிருக்கலாம். பெட்டியை அடுக்கியபடியே புரூடருக்குக் கீழே வைத்துவிடக் கூடாது. அது வண்டியில் பட்ட சூட்டை நாமே தொடர்வதாகும்.

இறக்கிய பின்

இங்கிருந்து பொறுப்பு நம்முடையது. வேலூர்க்காரர்களுக்கு ஒரு எண்ணம் உண்டு: "நம்ம ஊர் வெயிலுக்குக் குஞ்சுக்கு எதுக்குச் சூடு?" மே மாதப் பகலில் அது கொஞ்சம் உண்மை. பகல் பதினொரு மணிக்கு மேல் புரூடரை அணைத்து, படுதாவை இறக்கிவிட்டுக் காற்றுக்கு வழி விடத்தான் வேண்டியிருக்கும். ஆனால் குஞ்சு நிற்பது தரையில். முந்தைய பேட்ச் போய்க் கழுவி, ஈரம் முழுக்கக் காயாத சிமெண்டுத் தரை விடிகாலையில் நாம் நினைப்பதைவிடக் குளிர்ந்திருக்கும். மார்கழியில் கேட்கவே வேண்டாம். மேலே தொங்கும் தெர்மாமீட்டர் 92 காட்டும், கீழே உமி கையில் சில்லென்று இருக்கும். குஞ்சு உயரத்தில் 90 முதல் 95 பாரன்ஹீட் இருக்க வேண்டும். உமியும் தொட்டால் இளஞ்சூடாக இருக்க வேண்டும். அதற்குக் குளிர்காலத்தில் முந்தைய நாளே புரூடரைப் போட்டாக வேண்டும். கோடையில் முந்தைய இரவு போட்டால் போதும். இதைச் சோதிக்க எளிய வழி: இறக்கி அரை மணி கழித்து ஒரு குஞ்சின் பாதத்தை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று பட்டால் உமி குளிர்ந்திருக்கிறது. குளிர்ந்த பாதத்தோடு குஞ்சு தீவனத்தைத் தேடிப் போகாது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும்.

நம் கணக்கில் பெரிய குஞ்சு 24 பெட்டியை ஐந்து வளையமாகவும், சிறியது ஆறு பெட்டியை இரண்டு வளையமாகவும் பிரிக்கிறோம். உமிமேல் காகிதம் விரித்து, ஐம்பது குஞ்சுக்கு ஒரு சிறிய டிரிங்கர் வைக்கிறோம். பெட்டியைத் தரையோடு தாழ்த்திக் கவிழ்க்க வேண்டும், இடுப்பு உயரத்திலிருந்து கொட்டக் கூடாது. பெட்டிக்கு நாலைந்து குஞ்சுகளின் அலகைத் தண்ணீரில் லேசாகத் தோய்த்துவிட்டால் மற்றவை பார்த்துக் குடிக்கும்.

தண்ணீர் முதலிலா, தீவனமும் கூடவேவா என்பதில் இரண்டு கட்சி உண்டு. பழைய வழக்கம் வெல்லத் தண்ணீரோ குளுக்கோஸ் தண்ணீரோ கொடுத்து, சில மணி நேரம் கழித்து மக்காச்சோள ரவை தூவுவது. இப்போது பல கம்பெனிகள் இரண்டையும் சேர்த்தே கொடுக்கச் சொல்கின்றன. நீண்ட பயணம் வந்த கோடைக் குஞ்சுக்கு ஒரு மணி நேரம் தண்ணீரை மட்டும் கொடுத்துவிட்டு, உடனே காகிதத்தில் தீவனம் தூவுவதுதான் சரி என்று நான் நினைக்கிறேன். அதற்கு மேல் தள்ளிப்போடக் கூடாது. குடலில் தீவனம் இறங்கினால்தான் குடல் வளரத் தொடங்கும். மஞ்சள் கருவும் வேகமாகக் கரையும். வெல்லமும் அளவோடுதான். அதிகமானால் எச்சம் பிசுபிசுத்து ஆசனவாயில் ஒட்டிக்கொள்ளும். வந்ததும் வராததுமாக ஆன்டிபயாட்டிக் கலந்துவிடும் பழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. கசப்பினால் குஞ்சு தண்ணீரைக் குறைத்துக் குடித்தால், வந்த நாளில் அதைவிடப் பெரிய கேடு வேறில்லை.

இறக்கியபின் ஒரு மணி நேரமாவது ஆள் நடமாட்டம் இல்லாமல் விட்டுவிட வேண்டும். பிறகு நம் வேலையை நாமே அளக்கும் நேரம். அந்த அளவுகோல் தீவனப்பை. கழுத்துக்குக் கீழே, நெஞ்சுக்கு மேலே, வலப்பக்கம் விரலால் தொட்டால் தெரியும் சிறு பை. ஒவ்வொரு வளையத்திலிருந்தும் கலந்து 30 குஞ்சைப் பிடித்து, ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். உருண்டு, மெத்தென்று, கஞ்சி போல் இருந்தால் தின்று, குடித்திருக்கிறது. உருண்டு, உள்ளே ரவை நறநறவென்று கெட்டியாகப் பட்டால் தின்றிருக்கிறது, குடிக்கவில்லை. தண்ணீர்ப் பை போல் தளதளத்தால் குடித்திருக்கிறது, தின்னவில்லை. ஒன்றுமே தட்டுப்படவில்லை என்றால் இரண்டும் இல்லை. இறக்கி இரண்டு மணி நேரத்தில் நூற்றுக்கு 75, எட்டு மணி நேரத்தில் 80-க்கு மேல், மறுநாள் அதே நேரத்தில் 95-க்கு மேல் நிறைந்திருக்க வேண்டும்.

நம் கணக்கில் காலை ஐந்து மணிக்கு இறக்கி, ஏழு மணிக்குப் பார்த்தபோது முப்பதில் 24 மெத்தென்று நிறைந்திருக்கிறது. திருப்தி. பகல் ஒரு மணிக்கு மறுபடி பார்க்கும்போது 26-ல் தீவனம் இருக்கிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நிலைமை முன்னேறியிருக்கிறது. ஆனால் அந்த 26-ல் 11 கெட்டியாக இருக்கிறது. டிரிங்கரில் தண்ணீர் நிறைய இருக்கிறது, யாரும் குறை வைக்கவில்லை. விரலை விட்டுப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்: தண்ணீர் சுடுகிறது. கூரையோரம் வெயிலில் நிற்கும் கருப்பு பிளாஸ்டிக் டேங்கிலிருந்து பிடித்து ஊற்றிய தண்ணீர். காலை ஏழு மணிக்கு அதே டேங்க்கில் தண்ணீர் குளிர்ச்சியாக இருந்ததால் குஞ்சு குடித்தது. சுடுதண்ணீரைக் கோழி குடிக்காது, குஞ்சு அதைவிடக் குடிக்காது. புரூடரும் எரிந்து, தண்ணீரும் சுட்டால், எல்லாம் கொடுத்தும் குஞ்சு வறண்டுபோகும். வேலூர்க் கோடையில் முதல் நாளில் நடக்கும் தவறுகளில் இதுதான் கண்ணுக்குத் தெரியாதது.

டிரிங்கர்களைக் கொட்டிக் கழுவி, போர் போட்டு நேராகக் குழாயில் வரும் தண்ணீரைப் பிடித்து, இரண்டு மணிக்கொரு முறை மாற்ற வேண்டும். டேங்கைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டி, மேலே தென்னை ஓலை போட்டால் அடுத்த நாளுக்கு ஆகும். நிப்பிள் லைன் இருந்தால் குழாயில் தங்கிய தண்ணீரைக் கடைசி முனையைத் திறந்து வெளியேற்ற வேண்டும். இதைச் செய்தபின் மாலை ஐந்து மணிக்கு 28, மறுநாள் காலை ஐந்து மணிக்கு 29 மெத்தென்று இருக்கின்றன. இறக்கி எட்டு மணி நேரம் கழித்துச் செய்த அந்தச் சோதனை இல்லாவிட்டால் அன்று பகல் முழுக்க அந்தத் தண்ணீரேதான் போயிருக்கும்.

இறப்பு எந்த நாளில்

முதல் வாரச் சாவை மொத்தமாக எண்ணினால் ஒன்றும் புரியாது. எந்த நாளில், உள்ளே என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாளில் வயிறு உப்பிச் செத்தால், திறந்து பார்க்கும்போது மஞ்சள் கரு கரையாமல் பச்சையாகவோ பழுப்பாகவோ நாற்றத்தோடு இருந்தால், கிருமி தொப்புள் வழியாக முன்பே போயிருக்கிறது. நாலாம் நாள், ஐந்தாம் நாள் மெலிந்து, இலேசாகிச் செத்தால், கரு முழுக்கத் தீர்ந்து, தீவனப்பை காலியாக இருந்தால், அது வந்த நாளிலிருந்தே தின்னவே கற்றுக்கொள்ளாத குஞ்சு. உள்ளிருந்த இருப்பை வைத்து நாலு நாள் ஓட்டிவிட்டு விழுகிறது. முதல் வகைக்குப் பொறிப்பகம் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது பெரும்பாலும் நம் வளையத்தில் நடந்தது.

இந்தப் பிரிவுக்கு ஓர் எல்லையும் உண்டு. குளிர்ந்த உமியில் நின்ற குஞ்சுக்கும் கரு மெதுவாகத்தான் கரையும். அழுக்கு உமியிலிருந்தும் தொப்புளுக்குக் கிருமி போகும். ஆகவே கெட்ட கருவைப் பார்த்த மாத்திரத்தில் பொறிப்பகத்தின் மேல் பழி போட முடியாது. வந்த அன்று எழுதிய தொப்புள் கணக்கும் பாதச் சூட்டுக் கணக்கும் கையில் இருந்தால்தான் அந்தப் பேச்சுக்கு அர்த்தம் வரும். நம் கணக்கில் முதல் மூன்று நாளில் 19 போய்விட்டன. திறந்து பார்த்த பலவற்றில் கரு கெட்டிருக்கிறது, 75-க்கு நான்கு என்ற தொப்புள் கணக்கோடு அது ஒத்துப்போகிறது. நாலாம், ஐந்தாம் நாளில் 6, அதில் தீவனப்பை காலியானது 3. வாரக் கடைசியில் மொத்தம் 28. நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே.

ஏழாம் நாள் எடை போடும்போது வந்த எடையைப் போல் நான்கு மடங்கு இருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவு. பெரிய வளையங்களில் சராசரி 172 கிராம், சிறிய வளையங்களில் 145. கம்பெனி அட்டவணையை மட்டும் பார்க்கும் சூப்பர்வைசருக்கு 145 என்பது வளர்ச்சி குறைவு. ஆனால் 42 கிராமில் வந்தது 172 ஆனதும், 35 கிராமில் வந்தது 145 ஆனதும் ஒரே நான்கு மடங்குச் சொச்சம்தான். இரண்டு வளையமும் சமமாகவே வளர்ந்திருக்கின்றன. அதைக் காட்ட முடிவது வந்த நாள் காலையில் அந்த ஆறு பெட்டிகளின் எடையைச் சலானில் தனியாக எழுதி வைத்ததால்தான்.